மூடுவதற்கு முன் காட்டுங்கள்: வீட்டுப் புதுப்பிப்பு வேலை எடுக்கும் காண்டிராக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய காண்டிராக்டர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும்,

வணக்கம்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீட்டுக்காரருக்கு நீங்கள் அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை வேலை முடிந்த பிறகு எடுத்தவை. டைல்ஸ் ஒட்டித் துடைத்த சுவர், பளபளக்கும் குழாய், கண்ணாடியில் தெரியும் விளக்கு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குளியலறையைக் கெடுக்கக்கூடிய எல்லாமே அதற்குள் டைல்ஸுக்குப் பின்னால் போய்விடுகிறது. குழாய் இணைப்பு சரியா, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு மூலை வரை ஏறியிருக்கிறதா, கழிவுநீர்க் குழாய் சரியான இடத்தில் வந்திருக்கிறதா என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நான் கட்டடப் பொறியாளர். இப்போது நான் வேலை பார்ப்பது வேறு நாட்டில். என் வீட்டில் நடக்கும் புதுப்பிப்பு வேலையைப் போன் வழியாகத்தான் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குளியலறை வேலையில் மூன்று இடங்களில் நின்று, வீட்டுக்காரர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அடுத்ததுக்குப் போங்கள். சுவரையும் தரையையும் வெட்டுவதற்கு முன் ஒன்று, குழாய்களைப் பூசி மூடுவதற்கு முன் ஒன்று, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சின் மேல் எதையும் போடுவதற்கு முன் ஒன்று. மற்ற எல்லாவற்றையும் உங்கள் அனுபவத்துக்கே விட்டுவிடலாம்.

முதல் நிறுத்தம்தான் மிக எளிது. தகராறு அதிகம் கிளம்புவதும் அங்கேதான். காரணம், தொலைவிலிருந்து சொல்லும் அளவு எதிலிருந்து என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கமோடை எடுத்துக்கொள்வோம். அதன் கழிவு வாய், பின் சுவரிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்று அதன் வரைபடத்தில் போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் குரல் பதிவில் "சுவரிலிருந்து முந்நூறு" என்று சொல்கிறார். பிளம்பர் வரும்போது சுவர் வெறும் செங்கல்லாக நிற்கிறது. அவர் செங்கல்லிலிருந்து 300 அளந்து குழாயை நிறுத்துகிறார். அதன் பிறகு 15 மி.மீ. பூச்சு, 5 மி.மீ. ஒட்டும் பசை, 10 மி.மீ. டைல்ஸ் ஏறுகிறது. கமோடு வந்து இறங்கும் நாளில் சுவருக்கும் குழாயின் நடுவுக்கும் இடையே இருப்பது 270 மி.மீ. மட்டும். கமோடின் பின்பக்கத் தொட்டி சுவரில் இடிக்கும். அதற்குள் தரையில் டைல்ஸும் போட்டாகிவிட்டது. இனி தரையை உடைக்க வேண்டும். உடைத்தால் கீழே இருக்கும் தடுப்புப் பூச்சும் போகும். வெறும் செங்கல்லிலிருந்து 330 என்று சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

இங்கே பிளம்பரும் தப்பாக அளக்கவில்லை, வீட்டுக்காரரும் தப்பாகச் சொல்லவில்லை. எந்தப் பரப்பிலிருந்து என்ற ஒரு விவரம் விட்டுப்போனது, அவ்வளவுதான். அதனால் எந்த அளவு வந்தாலும் "டைல்ஸ் முகத்திலிருந்தா, செங்கல்லிலிருந்தா?" என்று திருப்பிக் கேளுங்கள். உயரங்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. கதவு வாசலில் டைல்ஸ் போட்டு முடித்த பிறகு தரை எந்த மட்டத்தில் வரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் டியூப் லெவலோ லேசரோ வைத்து நான்கு சுவரிலும் ஒரு கோடு அடியுங்கள். அப்புறம் குழாய் வாய், கலவைக் குழாய், வாஷ்பேசின், ஸ்விட்ச் எல்லாமே அந்தக் கோட்டுக்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்றுதான் பேச வேண்டும். வீட்டுக்காரரும் அப்படியே எழுதித் தரட்டும். குரல் பதிவில் வந்த அளவைச் சுவரில் சாக்குக்கட்டியால் குறித்து, படம் எடுத்து அனுப்பி, "இதுதானே?" என்று கேட்டுவிட்டு வெட்டத் தொடங்குங்கள்.

அந்தக் கோடு பின்னாலும் உதவும். கதவு வாசலிலிருந்து வடிகால் 1.6 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 80-க்கு 1 என்ற வாட்டம் வேண்டுமென்றால் வடிகால் 20 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். கோட்டிலிருந்து கீழே அளந்தால் வாசலில் 1000, வடிகாலில் 1020 வர வேண்டும். டைல்ஸுக்கு நூல் கட்டியதுமே இந்த இரண்டு எண்களையும் டேப்போடு படம் பிடித்து அனுப்பினால் போதும். வாட்டம் சரியா என்று வீடியோவில் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் தரையும் சாய்ந்துதான் தெரியும்.

படம் எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். டேப் படத்துக்குள் இருக்க வேண்டும். அதன் பூஜ்ஜிய முனை எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். கேமரா சுவருக்கு நேராக இருக்கட்டும், பக்கவாட்டில் நின்று எடுத்தால் எண் மாறித் தெரியும். ஒவ்வொரு அளவுக்கும் கிட்டத்தில் ஒன்று, அது எந்தச் சுவர் என்று புரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. செயலியில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கி டேப்பின் எண்கள் மங்கிவிடும், எடுத்த தேதி நேரமும் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவே ஆவணக் கோப்பாக அனுப்புங்கள். ஒரு துண்டு அட்டையில் தேதி எழுதிப் பக்கத்தில் வைப்பது இன்னும் நல்லது. நேரலை வீடியோ அழைப்பைவிட, கதவிலிருந்து தொடங்கி ஒரே திசையில் மெல்லச் சுற்றி வந்து பதிவு செய்த வீடியோவையே நான் விரும்புகிறேன். நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சில வருடங்கள் கழித்துச் சுவரில் துளை போடும்போதும் குழாய் எங்கே ஓடுகிறது என்று சொல்லப்போவது அதே வீடியோதான்.

இரண்டாவது நிறுத்தம் குழாய்களுக்கு. எல்லா வாய்களையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றுங்கள். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று குழாய்த் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். பொதுவாக அது வழக்கமான அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு. பிளாஸ்டிக் குழாய் முதலில் கொஞ்சம் விரியும், அழுத்தமானியின் முள் லேசாக இறங்கும். அது கசிவு அல்ல. ஒருமுறை மறுபடி ஏற்றிவிட்டு அப்போதிலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள். தொடக்கத்தில் மானியின் படம், முடிவில் அதே மானியின் படம். அதன் பிறகு அழுத்தத்தை இறக்கிவிடாமல், பூச்சு வேலை முடியும்வரை அப்படியே விட்டுவையுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கொத்தனாரின் உளியோ ஆணியோ குழாயில் பட்டால் அன்றைக்கே முள் விழுந்துவிடும். யார் கை பட்டது என்ற சண்டைக்கே இடம் இருக்காது.

சுவருக்குள் பதிக்கும் கலவைக் குழாயை மூடும் முன் அதன் பிளாஸ்டிக் உறையைப் பாருங்கள். குறைந்தபட்ச ஆழம், அதிகபட்ச ஆழம் என்று குறி போட்டிருக்கும். டைல்ஸ் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். அளவுக்கு மேல் உள்ளே போய்விட்டால் கைப்பிடி பொருந்தாது. அந்த உறையின் குறியும் டேப்பும் தெரியும் ஒரே ஒரு படம் அனுப்புங்கள்.

மூன்றாவது நிறுத்தம்தான் நாள் எடுக்கும். அதனாலேயே அதிகம் தவிர்க்கப்படுகிறது. தடுப்புப் பூச்சு இரண்டு முறை, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக அடிக்கப்பட வேண்டும். முடிந்தால் இரண்டுக்கும் வேறு நிறம் பயன்படுத்துங்கள். இரண்டாவது கோட் எங்கே விட்டுப்போனது என்று தொலைவில் இருப்பவருக்கும் படத்திலேயே தெரியும். தரையும் சுவரும் சேரும் மூலையையும் குழாய் தரையைத் துளைத்து வரும் இடத்தையும் தனித்தனியாகக் கிட்டத்தில் காட்டுங்கள். கசிவு பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களிலிருந்துதான் வரும், நடுத் தரையிலிருந்து அரிதாகத்தான்.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு வடிகாலை அடைத்து, வாசலில் சின்னக் கரை கட்டி, 25 முதல் 50 மி.மீ. வரை தண்ணீர் தேக்குங்கள். குறைந்தது 24 மணி நேரம். என்னைக் கேட்டால் 48. கான்கிரீட்டுக்குள் இறங்கும் ஈரம் கீழ்க் கூரையில் வந்து தெரிய நேரம் எடுக்கும். ஒரு ஸ்கேலை நிறுத்தி வைத்து நீர்மட்டத்தைப் படம் பிடியுங்கள், பக்கத்திலேயே ஒரு அகலமான தட்டில் தண்ணீர் வைத்து அதன் மட்டத்தையும் குறியுங்கள். மறுநாள் தரையிலும் தட்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானது. தரையில் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் எங்கோ போகிறது. முதலில் வடிகால் அடைப்பைச் சரிபாருங்கள், பாதி நேரம் அதுதான் கசியும். கீழே அறை இருந்தால் அதன் கூரையைத் தண்ணீர் தேக்கும் முன்பும் படம் எடுங்கள், முடிந்த பின்பும் எடுங்கள். முன்படம் இல்லாவிட்டால் பழைய கறை எது, புதிய ஈரம் எது என்று பிரிக்க முடியாது.

"இப்படி நின்று நின்று போனால் ஆட்களின் கூலிக்கு யார் பொறுப்பு?" என்று நீங்கள் கேட்பது நியாயம். நேர வித்தியாசத்தில் நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம், உங்கள் ஆட்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். எனவே இதை எழுதியே வைத்துக்கொள்வோம். நிறுத்தம் எந்த நாளில் வரும் என்று நீங்கள் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். படம் வந்த 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைய வெட்டிக் கூலி அவருடையது. படம் அனுப்பாமல் மூடிவிட்டால், திறந்து காட்டும் செலவு உங்களுடையது. ஒவ்வொரு தவணைப் பணத்தையும் இத்தனை சதவீதம் வேலை முடிந்தது என்று பேசாமல், இந்த நிறுத்தம் தாண்டியது என்று பேசிக்கொள்வோம். வீட்டுக்காரர் பேசுவது மேஸ்திரி ஒருவரிடம் மட்டும்தான் என்பதையும் அதில் சேருங்கள். பிளம்பரை நேராக அழைத்து ஒன்று, டைல்ஸ்காரரை அழைத்து இன்னொன்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்; அதனால் வரும் குழப்பத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை வெளியூர்க்காரர் ஒருவருக்கு மதிப்பீடு எழுதும்போது, பொருள் பட்டியலுக்குக் கீழே இந்த மூன்று நிறுத்தங்களையும் அவற்றுக்கான நாட்களையும் நீங்களே சேர்த்து அனுப்புங்கள். தண்ணீர் தேக்கும் இரண்டு நாட்களுக்குத் தனிக் கட்டணம் போட்டாலும் நான் மறுக்காமல் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தொலைவில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர்