தொப்புள்கொடியை இறுக்க அவசரம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

கைக்குழந்தைகளின் இரத்தசோகை பற்றிய உங்கள் செய்தி, இரும்புச்சத்து சொட்டுமருந்தோடு நின்றுவிட்டது. தொப்புள்கொடிக்கு எப்போது கிளிப் போடுகிறோம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பிறந்த கையோடு இறுக்கினால், குழந்தைக்குச் சேரவேண்டிய இரத்தம் நஞ்சுக்கொடியிலேயே தங்கிவிடும். காத்திருந்தால் நிறைமாதக் குழந்தைக்கு முதல் நிமிடத்தில் சுமார் 80 மி.லி., மூன்று நிமிடத்தில் 100 மி.லி. வரை கிடைக்கும். அந்தக் கூடுதல் சிவப்பணுக்கள் பின்னர் சிதையும்போது வெளிவரும் இரும்பு உடலில் சேமிப்பாகி, முதல் ஆறு மாதங்களுக்குக் கைகொடுக்கிறது.

தடித்துத் துடிக்கும் கொடி சில நிமிடங்களில் வெளுத்துத் துவள்வதைப் பிரசவ அறையில் தினமும் பார்க்கிறேன். இப்படிக் காத்திருப்பதால் மஞ்சள்காமாலைக்கு ஒளிச்சிகிச்சை தேவைப்படுவது சற்றுக் கூடலாம், கண்காணித்தால் சமாளிக்கலாம். உடனே மூச்சு உதவி தேவைப்படும் குழந்தை என்றால் சரி, காத்திருக்க முடியாது. மற்றப் பிரசவங்களில் கிளிப் போட்ட நேரத்தையும் பிரசவக் குறிப்பில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

– மகப்பேறு செவிலியர் ஒருவர்