ஜாடியில் இடம் பிடிக்காத கற்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தசரா விடுமுறைக்குப் பிறகு பள்ளி மறுபடி சூடு பிடித்துவிட்டது. கன்னட ராஜ்யோத்சவ விழாவும் குழந்தைகள் தினமும் நல்லபடியாக நடந்தன. அறிவியல் கண்காட்சியில் எல்லா வகுப்பினரும் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கும், அவர்களைத் தயார் செய்த ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள்.

இந்த மாதம் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நேர நிர்வாகம் பற்றி ஒரு செய்முறை வகுப்பு நடத்தினோம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஜாடி, கல், கூழாங்கல், மணல் செய்முறையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜாடி என்பது நம் ஒரு நாள், கல் என்பது முக்கியமான வேலை, கூழாங்கல் அதற்கு அடுத்தது, மணல் சில்லறை வேலை. கல்லை முதலில் போட்டால்தான் மற்றவையும் அடங்கும் என்பதுதான் பாடம். வீட்டில் செய்து காட்ட நினைப்பவர்களுக்காக அளவுகளைச் சொல்கிறேன். வாய் அகலமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் ஊறுகாய் ஜாடி இரண்டு வேண்டும். கல் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும் என்பதால் பிளாஸ்டிக்தான் நல்லது. நாலரை, ஐந்து சென்டிமீட்டர் அளவில் உருண்டையான கற்கள் ஒவ்வொரு ஜாடிக்கும் அதன் வாய் வரை நிறையும் அளவுக்கு வேண்டும். கூழாங்கல் பட்டாணி அளவில், ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இருக்கட்டும். அதைவிடப் பெரிதானால் கற்களின் இடுக்கில் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். கட்டடம் கட்டும் இடத்திலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் அள்ளி வந்தால் சரிப்படாது. ஜல்லியின் முனைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், எம்-சாண்ட் நுண்தூளோடு அடைத்துக்கொள்ளும். சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த ஆற்று மணல்தான் தண்ணீர் மாதிரி ஓடும். லேசாக ஈரம் இருந்தாலும் கட்டிக்கொண்டு இடுக்கில் இறங்காது.

முதலில் கற்களைப் போட்டு, கூழாங்கல்லைக் கொட்டி ஜாடியைக் குலுக்கி, கடைசியில் மணலை ஊற்றுங்கள். ஏறத்தாழ முக்கால் லிட்டர் கூழாங்கல்லும் கால் லிட்டருக்குச் சற்று அதிகமான மணலும் உள்ளே போய்விடும். எவ்வளவு போயிற்று என்பதைக் குறித்துக்கொண்டு, அதே அளவுகளை இரண்டாவது ஜாடியில் தலைகீழாக, மணலில் தொடங்கிப் போடுங்கள். இம்முறை குலுக்கக் கூடாது. குலுக்கினால் மணலும் கூழாங்கல்லும் கலந்து வித்தியாசம் தெரியாமல் போகும். மணலும் கூழாங்கல்லும் சேர்ந்தே பாதி ஜாடியைப் பிடித்துக்கொள்ள, கற்களில் ஏறத்தாழ பாதி மேசையிலேயே நிற்கும். இரண்டு ஜாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

வழக்கமாக இந்தச் செய்முறை இங்கே முடிந்துவிடும். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. ஜாடிக்கு எத்தனை கல் கொள்ளுமோ அத்தனையைத்தான் நாம் முன்கூட்டியே பொறுக்கி வைக்கிறோம். அதனால் வரிசையை மாற்றினால் எல்லாம் அடங்கிவிடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கற்களே ஜாடியைவிட அதிகமாக இருந்தால் எந்த வரிசையும் உதவாது. எங்கள் ஆசிரியர்கள் அதனால் இன்னொரு படி போனார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஒரு நாளை அரைமணிக் கட்டங்களாகத் தாளில் எழுதி, எது கல், எது கூழாங்கல், எது மணல் என்று குறிக்க வேண்டும். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாம் கல் என்று எழுதினார்கள். செல்போனை மணல் என்று அவர்களே எழுதினார்கள். பெரும்பாலான தாள்களில் தூக்கம் எந்தக் கல்லாகவும் இல்லை. எல்லாம் முடிந்து மிச்சமிருந்த கட்டத்தில் அதை எழுதியிருந்தார்கள்.

எட்டாம் வகுப்புத் தாள் ஒன்றைப் பெயரில்லாமல் எடுத்துக்கொள்கிறேன். காலை ஆறு மணிக்கு எழுந்து ஏழே காலுக்கு வேன் ஏறுகிற பிள்ளை. டின் ஃபேக்டரி நெரிசலைத் தாண்டி எட்டே காலுக்குப் பள்ளி. மூன்றரைக்குக் கிளம்பி நாலரைக்கு வீடு. சிற்றுண்டி முடிந்து ஐந்தே காலுக்கு டியூஷனுக்குப் போனால் திரும்ப ஏழே முக்கால். சாப்பாடு முடிய எட்டே கால். உடனே வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்தால் ஒன்பதே முக்காலுக்குப் படுக்கலாம், தூக்கம் எட்டே கால் மணி நேரம். ஆனால் தாளில் எட்டே காலிலிருந்து ஒன்றரை மணி நேரம் செல்போன். வீட்டுப்பாடம் அதற்குப் பிறகு. படுக்கை பதினொன்றே கால், தூக்கம் ஆறே முக்கால் மணி நேரம். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. ஆறு முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம்.

இந்தத் தாளில் செல்போனை எடுத்துவிட்டால் நாள் சரியாகிவிடுகிறது. ஆனால் இதே பிள்ளைக்குச் செவ்வாயும் வியாழனும் டியூஷன் முடிந்ததும் ஒரு மணி நேரம் கராத்தே இருக்கிறது. அந்த இரண்டு நாளில் செல்போனைத் தொடாமலே இருந்தாலும் தூக்கம் ஏழே கால் மணி நேரம்தான். வரிசையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு கல்லை வெளியே எடுத்தாக வேண்டும். எந்தக் கல் என்பதைப் பிள்ளை தீர்மானிக்க முடியாது, அந்த வகுப்புகளில் சேர்த்தது நாம்தானே. டியூஷனோ கராத்தேயோ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளையின் நன்மைக்காகத்தான் சேர்த்திருக்கிறீர்கள். கராத்தேயைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா, வாரத்தில் இரண்டு நாள் டியூஷனைக் குறைக்க முடியுமா என்று மட்டும் யோசியுங்கள்.

இதைச் சொல்லாமல் விட முடியாது. முதல் பீரியடில் மேசையில் தலை கவிழ்த்துத் தூங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை இந்தப் பருவத்தில் கூடியிருக்கிறது. காலையில் நடத்தும் கணக்குப் பாடம் அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. அதே பாடத்துக்கு மாலையில் டியூஷன் வைக்க வேண்டி வருகிறது, அதனால் தூக்கம் இன்னும் குறைகிறது. டிசம்பரிலிருந்து, ஒரே வாரத்தில் இரண்டு முறை வகுப்பில் தூங்கும் பிள்ளையின் பெற்றோரை வகுப்பாசிரியர் அழைப்பார். அந்த வாரத்துக்குள் நேரில் வந்தாக வேண்டும். வீட்டுப்பாடம் முழுவதும் மூன்றரை மணிக்கு முன்பே டைரியில் எழுதப்பட்டுவிடுகிறது. வீட்டுப்பாடம் பார்க்க செல்போன் வேண்டும் என்று பிள்ளை சொன்னால் தயவுசெய்து டைரியைத் திறந்து பாருங்கள்.

வேலைக்குப் போய் நெரிசலில் திரும்பி வரும் அப்பா அம்மாக்களுக்கு எட்டு மணிக்கு மேல் பிள்ளையோடு உட்காருவது எளிதல்ல என்பது எங்களுக்குத் தெரியும். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டு நேரத்துக்கு இது ஒத்துவராவிட்டால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், சேர்ந்து வழி பார்க்கலாம்.

உங்கள் பிள்ளையின் தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். தூக்கத்தை முதல் கல்லாக வைத்து, படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் முதலில் குறித்து, மிச்சக் கட்டங்களைப் பிள்ளையோடு சேர்ந்து நிரப்புங்கள். எதை எடுத்தீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டுச் சனிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

போன பருவத்தில் பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தீர்கள், கேட்டதை எல்லாம் மனமுவந்து செய்தீர்கள். அதற்கு ஆசிரியர்கள் அனைவர் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
பெங்களூரு