நாலு ஸ்கிரீன்ஷாட்டுக்கு நான் என்ன சொல்ல

டேய் செந்தில்,

ரெண்டு நாளா எடிட்டிங் வேலை தலைக்கு மேல, அதான் உடனே எழுத முடியல. என் முட்டி வலிய விசாரிச்சிருந்த, பரவால்லடா, மாடிப்படி மட்டும்தான் ஆகல.

உன் தம்பி விஷயம். அவன் ஒருத்தன தள்ளி விட்டான்னு எல்லாரும் சொல்றாங்க, அந்த வீடியோல இருந்து எடுத்த படத்த பாத்து எழுதி தர சொல்லி கேட்டிருந்த. நீ அனுப்பின நாலு படத்தையும் பெரிசு பண்ணி பாத்தேன். நல்லவேளை, யாரோ வீடியோ பிளேயரோட சேத்தே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்காங்க, கீழ நேரம் தெரியுது: 0:06, 0:14, 0:15, 0:31, மொத்தம் 0:38. வாட்ஸ்அப்ல 0:15 தான் முதல்ல வந்துச்சு, அந்த வரிசைல பாத்தா விழுந்தவன தம்பி தூக்க போற மாதிரி இருக்கு, நேரப்படி பாத்தா கத வேற.

செகண்டுக்கு 30 ஃபிரேம்னு வச்சாலும் 38 செகண்டுல 1140 ஃபிரேம், நம்ம கைல இருக்கறது நாலு. 0:14ல தம்பி கை அவன் தோள்ல, 0:15ல அவன் தரைல. ஒரு செகண்டுல தள்ளிட்டான்னு எல்லாரும் சொல்றாங்களே, பிளேயர் முழு செகண்ட மட்டும்தான் காட்டும், அதனால நடுவுல ஒரே ஃபிரேமும் இருக்கலாம், கிட்டத்தட்ட ரெண்டு செகண்டும் இருக்கலாம்.

அந்த 0:14 படத்த நல்லா பாரு. விழுந்தவனோட சட்டைத்துணி தம்பி பக்கமா இழுபட்டு மடிஞ்சிருக்கு, விரல் மூடியிருக்கு. அவன் தலை மங்கலா, தம்பி கை தெளிவா இருக்கு, அப்டின்னா அந்த நொடில கைய விட தலைதான் வேகமா அசஞ்சிருக்கு. ஆனா மங்கல் கோடு எந்த பக்கமா போச்சுன்னு சொல்லாது. ஆக "அந்த நேரத்துல சட்டைய பிடிச்சிருக்கான்"னு எழுதலாம். விழறவன பிடிச்சானா, பிடிச்சு உலுக்கினானான்னு எழுத முடியாது, அது 0:06க்கும் 0:14க்கும் நடுவுல இருக்கு, அங்கதான் ஒரு படம்கூட இல்ல, வேணும்னே விட்டாங்களா தெரியாது.

அப்புறம் நீ சொன்ன அந்த சத்தமில்லாத மூணு செகண்ட் வீடியோ துண்டு. "தம்பி கெட்ட வார்த்த சொல்றான், வாய பாரு"ன்னு உன் மச்சினன் சொல்றாராம். பாடு, மாடு ரெண்டையும் கண்ணாடி முன்னாடி சத்தமில்லாம சொல்லி பாக்க சொல்லு, உதட்டுல ஒரே மாதிரிதான் இருக்கும். க, ங எல்லாம் தொண்டகிட்ட வர்றது, வெளிய தெரியவே தெரியாது. வாய் அசஞ்சுதுன்னு சொல்லலாம், அவ்ளோதான். பிளேயர்ல ஸ்பீக்கர் அடையாளம் குறுக்க வெட்டியிருக்கான்னும் பாரு, வெறும் மியூட்டா இருக்கலாம். சிசிடிவின்னா சத்தமே பதிவாகாம இருந்திருக்கலாம்.

நான் இப்பதைக்கு எழுதி தரக்கூடியது இவ்ளோதான்: 0:14ல சட்டைல கை, 0:15ல அவன் கீழ, 0:31ல தம்பி பக்கத்துல குனிஞ்சிருக்கான். "தள்ளல"ன்னு எழுத சொல்லி கேக்காத, தள்ளினான்னு சொல்றவங்க மாதிரியேதான் அதுவும் ஆகிடும்.

எடுத்தவர்கிட்ட ஒரிஜினல் ஃபைல டாக்குமெண்டா அனுப்ப சொல்லு, வீடியோவா அனுப்பினா சுருக்கிடும். முழுசா இல்லன்னாலும் 0:06ல இருந்து 0:16 வரைக்குமாவது. வந்ததும் ஃபிரேம் ஃபிரேமா நகத்தி பாத்துட்டு, தம்பிக்கு சாதகமோ பாதகமோ, அப்டியே சொல்றேன்.

அம்மாவ கேட்டேன்னு சொல்லு.

உன்
குமார்