பட்டைகளுக்கு மானிட்டர் பொறுப்பல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மானிட்டர் வழிகாட்டியில் வந்த ஒரு வரியைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. “வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறதா? உங்களுடையது 8 பிட் மானிட்டர். 10 பிட்டுக்கு மாறினால் பட்டைகள் மறைந்துவிடும்.” அதே பத்தியில், இல்லாத நிறத்தைப் பக்கத்து நிறப் புள்ளிகளைக் கலந்து காட்டும் டிதரிங் என்பது மலிவு மானிட்டர்களின் கண்கட்டு வித்தை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீடியோக்களுக்கு நிறம் திருத்தும் வேலையில் இருப்பவன் நான். இந்த இரண்டு வரிகளையும் நம்பி வாசகர்கள் தேவையில்லாத செலவில் இறங்குவார்கள் என்பதால் சொல்கிறேன்.

8 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள், 10 பிட் என்றால் 1024 படிகள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1920 பிக்சல் அகலத் திரையில் இடமிருந்து வலமாக 20 என்ற இருண்ட சாம்பல் மெல்ல 50 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பவை 30 படிகள்தாம். அதனால் ஒவ்வொரு படியும் 64 பிக்சல் அகலத்துக்கு ஒரே நிறமாக நிற்கும். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் சேரும் விளிம்பை நம் கண் மிகைப்படுத்திக் காட்டும், அதுதான் பட்டை. 10 பிட்டில் அதே தூரத்துக்கு 120 படிகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் 16 பிக்சல்தான். இதுவரை உங்கள் கட்டுரை சொன்னது சரி.

ஆனால் அந்த 120 படிகள் முதலில் படத்தில் இருக்க வேண்டுமே? நாம் அன்றாடம் பார்க்கும் ஜேபெக் படம் 8 பிட். இணையத்தில் வரும் சாதாரண வீடியோவும் பெரும்பாலும் 8 பிட். அதிலும் 16 முதல் 235 வரைதான் ஒளிக்குப் பயன்படுகிறது. இதன்மேல் சுருக்கம் வேறு. இருண்ட, வழவழப்பான பகுதிகளில் உள்ள நுண்ணிய புள்ளிகளைத் தேவையற்றவை என்று வீடியோவைச் சுருக்கும் என்கோடர் தூக்கி எறிந்துவிடுகிறது. எஞ்சுவது தட்டையான திட்டுகள். பட்டை கோப்பிலேயே விழுந்துவிட்டது. 10 பிட் மானிட்டர் அதை இன்னும் விசுவாசமாகக் காட்டுமே தவிர, அழிக்காது.

அப்படித் தூக்கி எறியப்படும் நுண்ணிய புள்ளிகளை வேண்டுமென்றே தூவும் முறைதான் டிதரிங். 30.4 என்ற அளவைக் காட்ட வேண்டும், ஆனால் இருப்பது 30-உம் 31-உம் மட்டுமே என்றால், நூற்றில் அறுபது பிக்சலுக்கு 30, நாற்பதுக்கு 31 என்று ஒழுங்கில்லாமல் தூவிவிடுவார்கள். கண் தானாகச் சராசரி எடுத்துக்கொள்ளும். இதையே இடத்தில் தூவாமல் நேரத்தில் தூவினால் எஃப்ஆர்சி: நான்கு ஃபிரேமில் ஒன்றில் மட்டும் அடுத்த படியைக் காட்டினால் கால் படி கிடைத்துவிடும். 10 பிட் என்று விற்கப்படும் மானிட்டர்களில் நிறைய இப்படி 8 பிட் பேனலும் எஃப்ஆர்சியும் சேர்ந்தவையே. டிதரிங்கைக் கண்கட்டு வித்தை என்று பழித்துவிட்டு, அதே பக்கத்து அட்டவணையில் அந்த வகையையும் உண்மையான 10 பிட் பேனலையும் ஒரே “10 பிட்” என்று போட்டுப் பரிந்துரைப்பது எந்த நியாயம்?

சோதித்துப் பார்க்க ஆறேழு வரி பைத்தான் போதும். நம்பை, பில்லோ நூலகங்கள் இருக்க வேண்டும்.

```python
import numpy as np
from PIL import Image
g = np.linspace(20, 50, 1920)
a = np.tile(g, (540, 1))
n = np.random.random(a.shape)
b = np.vstack([a + 0.5, a + n])
Image.fromarray(b.astype(np.uint8)).save("test.png")
```

மேல்பாதி வெறுமனே முழு எண்ணாக்கப்பட்டது. கீழ்பாதி டிதரிங் செய்யப்பட்டது. இரண்டும் 8 பிட்தான். இரவு நேர நீல ஒளி வடிகட்டியை அணைத்துவிட்டு, படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாக வரும்படி, இருட்டறையில் பாருங்கள். மேலே பட்டைகள், கீழே வழவழப்பு என்று தெரிந்தால் உங்கள் 8 பிட் மானிட்டரில் எந்தக் குறையும் இல்லை. இதையே 10 பிட் மானிட்டரில் பார்த்தாலும் மேல்பாதியில் அதே பட்டைகள் அதே இடத்தில் நிற்கும். பட்டைகள் ஒன்று அகலமாகவும் ஒன்று குறுகலாகவும், அங்கங்கே பச்சையோ ரோஸோ கலந்தும் வந்தால், கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்றிய நிறத் திருத்தமோ மானிட்டரின் காமா, நிற வெப்பநிலை அமைப்புகளோ சில படிகளை விழுங்குகின்றன. அவற்றைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். கீழ்பாதியிலும் அழுத்தமான பட்டை தெரிந்தால்தான் மானிட்டர் மீதே சந்தேகப்பட வேண்டும்.

பேச்சு வந்ததால் பழைய இதழ்களையும் சொல்லிவிடுகிறேன். 10 பிட் மானிட்டரில் “107 கோடி நிறங்கள் இருப்பதால் சிவப்பு இன்னும் ஆழமாக இருக்கும்” என்று முன்பு எழுதினீர்கள். பிட் என்பது படிக்கட்டில் எத்தனை படி என்ற கணக்கு. மாடி எவ்வளவு உயரம் என்பது நிற வரம்பு. படிகளைக் கூட்டினால் மாடி உயராது. இதைச் சுட்டி அனுப்பிய கடிதம் வெளிவரவே இல்லை.

அதைவிட வருத்தம் தந்தது, கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் அமைப்பில் 10 பிட்டை எல்லோரும் தேர்ந்தெடுக்கலாம் என்று கேள்வி-பதில் பகுதியில் சொன்னது. எச்டிஎம்ஐ 2.0 இணைப்பில் தரவுக்குக் கிடைப்பது நொடிக்கு 14.4 கிகாபிட். 4கே, 60 ஹெர்ட்ஸ், முழு நிறம் என்றால் 8 பிட்டுக்கு 14.26 தேவை, மயிரிழையில் அடங்கிவிடும். 10 பிட்டுக்கு 17.82 வேண்டும், அடங்காது. எனவே நிறத் தகவலைப் பாதியாகக் குறைக்கும் 4:2:2 முறைக்குப் போக வேண்டியிருக்கும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள், ஓரம் கரைந்து வழியும். நாள் முழுக்க எழுத்தைப் பார்த்து வேலை செய்பவருக்கு இது லாபமா?

10 பிட் வேண்டவே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. எச்டிஆர் காட்சிகளில் அதே படிகள் மிகப் பெரிய ஒளி வரம்புக்கு நீட்டப்படுவதால் 8 பிட் வெறுமனே போதாது. அங்கேகூட விண்டோஸ் சில கணினிகளில் “8-bit with dithering” என்று காட்டியபடி நன்றாகவே ஓடுகிறது. நிறம் திருத்துபவர்களுக்கும் 10 பிட் தேவை. மற்றவர்கள் வீடியோவில் பட்டையைக் கண்டால் எம்பிவி பிளேயரின் mpv.conf கோப்பில் இந்த இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்க்கட்டும். முதல் வரி பட்டை விளிம்புகளைக் கரைக்கும், இரண்டாவது அந்த விளைவைத் திரையின் பிட்டுக்கு ஏற்ப டிதரிங் செய்து அனுப்பும்.

```
deband=yes
dither-depth=auto
```

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். மானிட்டர் அட்டவணையில் “10 பிட்” என்ற பத்தியை, உண்மையான 10 பிட் பேனல், 8 பிட்டுடன் எஃப்ஆர்சி என்று இரண்டாகப் பிரியுங்கள். இடம் இருந்தால் மேலே உள்ள சோதனையையும் வெளியிடுங்கள். இல்லையென்றால் திருத்தம் மட்டுமாவது வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்