உயரமும் இடுப்பு எலும்பும்: சரோஜாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. அக்காவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முதல் மாதத்தில் நடையை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். வலிக்கு பயந்து படுக்கையிலேயே இருந்துவிட்டால் தசை வேகமாகக் கரைந்துபோகும், அதைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "ஸ்கேனில் எலும்புப்புரை இல்லை என்றுதானே சொன்னார்கள்? பிறகு எப்படி, நின்ற இடத்தில் விழுந்ததற்கே இடுப்பு உடைந்தது? இதில் உயரத்துக்கு ஏதாவது பங்கு உண்டா? நானும் அக்கா மாதிரியே வளர்ந்தவள்தானே?" என்று எழுதியிருந்தாய். உண்டு. இருபது வருஷம் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்த கை இது. அந்த அறிக்கைகளில் அதிகம் யாரும் கவனிக்காத எண் ஒன்று இருக்கிறது. உன் கேள்விக்கான பதிலில் பாதி அந்த எண்ணில்தான் இருக்கிறது.

முதலில் உன் கையை இடுப்புக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் வைத்துப் பார். ஒருக்களித்துப் படுக்கும்போது மெத்தையில் அழுந்துமே, அந்த எலும்பு மேடு தட்டுப்படும். அதன் பெயர் பெரிய ட்ரொகாண்டர். அங்கிருந்து தொடை எலும்பின் கழுத்து உள்நோக்கிச் சாய்வாக ஏறி, பந்து மாதிரியான தலையில் முடிகிறது. அந்தப் பந்து இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மேட்டின் வெளி விளிம்பில் தொடங்கி, கழுத்தின் நடுவழியாகக் கிண்ணத்தையும் கடந்து, இடுப்பெலும்பின் உள் விளிம்பு வரை நேராக ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் நீளம்தான் இடுப்பு அச்சு நீளம். பெண்களுக்கு இது சராசரியாக 105 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உயரமானவர்களுக்குப் பொதுவாக இன்னும் நீளம்.

இந்த நீளம் ஏன் முக்கியம் என்பது, விழும்போது எலும்புக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். நடக்கும்போது உடலின் எடை மேலிருந்து பந்தின் மீது இறங்குகிறது. கழுத்தின் கீழ்ப்பக்கம் நசுக்கப்படுகிறது, மேல்பக்கம் இழுபடுகிறது. வாழ்நாள் முழுக்க இப்படியே பழகியதால் கீழ்ப்பக்கச் சுவர் தடித்தே இருக்கும். மேல்பக்கச் சுவருக்கு வேலை குறைவு, அதனால் வயதாக ஆக அது மெலிந்துகொண்டே போகும். பக்கவாட்டில் விழும்போது எல்லாம் தலைகீழ். தரை அந்த மேட்டில் மோதுகிறது, உடலின் எடை உள்ளேயிருந்து பந்தை அழுத்துகிறது. நடுவில் மாட்டிய கழுத்து வளைகிறது. இப்போது நசுக்கப்படுவது மேல்பக்கம், அதாவது மெலிந்துபோன அந்தச் சுவர். முறிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

விறகுக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கும்போது என்ன செய்வோம்? ஒரே கனமுள்ள குச்சி நீளமாக இருந்தால் லேசாக ஒடியும், குட்டையாக இருந்தால் கை வலித்தாலும் ஒடியாது. கழுத்தும் அப்படித்தான். விசை அதேதான் என்றாலும் நீளம் கூடினால் வளைக்கும் வலு கூடுகிறது.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உனக்கு அரைகுறையாகச் சொன்னவளாவேன். உயரமானவர்களுக்கு எலும்பு பருமனாகவும் இருக்குமே என்று நீ கேட்கலாம். இருக்கும். கழுத்து நீளும் அளவுக்குப் பருமனும் சுவரும் கூடவே வளர்ந்தால் பாதகமில்லை, ஏனென்றால் வளைவைத் தாங்கும் பலம் குறுக்களவோடு மிக வேகமாக ஏறும். நீளம் முந்திக்கொண்டு பருமன் பின்தங்கும்போதுதான் சிக்கல். இன்னொன்று, அந்தக் கோட்டின் ஒரு பகுதி இடுப்பெலும்புக்குள் போகிறது, அந்தப் பகுதி வளைவதில்லை. அதனால் நெம்புகோல் கணக்கு ஒன்றே முழு விளக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தும், இந்த நீளத்துக்கும் முறிவுக்கும் உள்ள உறவு பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது.

1993-ல் அமெரிக்காவில் மூத்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், சராசரியிலிருந்து ஒரு படி அச்சு நீளம் கூடினால் முறிவு அபாயம் 1.8 மடங்கு என்று வந்தது. ஒரு படி என்பது ஆளுக்கு ஆள் வழக்கமாகக் காணும் வித்தியாசத்தின் அளவு. அச்சு நீளத்தில் அது சுமார் 6 மில்லிமீட்டர், அவ்வளவுதான். அடர்த்தியையும் உயரத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த உறவு நின்றது. பிற்பாடு கனடாவின் மனிடோபாவில் இதைவிடப் பல மடங்கு அதிகப் பெண்களைப் பார்த்தபோது விளைவு சற்றுச் சிறியதாக, படிக்கு ஏறத்தாழ 1.3 மடங்கு என்று வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்தில் 1994-ல் வந்த ஆய்வு. 1950-களில் எடுத்த எக்ஸ்ரே படங்களையும் 1990-களில் எடுத்தவற்றையும் அளந்து, பிற்காலத்துப் பெண்களின் அச்சு நீண்டிருப்பதைக் கண்டார்கள். அந்த இடைவெளியில் அதே வயதுப் பெண்களிடம் இடுப்பு முறிவும் கூடியிருந்தது. நன்றாகச் சாப்பிட்டு நன்றாக வளர்ந்த தலைமுறை, எலும்பின் வடிவத்தாலேயே கொஞ்சம் விலை கொடுத்திருக்கிறது என்று அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. ஜப்பானியப் பெண்களின் எலும்பு அடர்த்தி அமெரிக்க வெள்ளைப் பெண்களைவிடக் குறைவு, ஆனாலும் இடுப்பு முறிவு குறைவு. அதற்கும் அவர்களின் குட்டையான கழுத்தை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இப்போது அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீ அனுப்பிய நகலில் கழுத்தின் டி-ஸ்கோர் -1.9 என்று இருக்கிறது, அதாவது அடர்த்தி இளம் பெண்களின் சராசரியைவிட 1.9 படி கீழே. -2.5 அல்லது அதற்குக் கீழே போனால்தான் எலும்புப்புரை என்று எழுதுவார்கள், அதனால் அறிக்கையில் தவறில்லை. கீழே சிறிய எழுத்தில் அச்சு நீளம் 114 என்று இருக்கிறது. சராசரியைவிட 9 மில்லிமீட்டர் அதிகம், அதாவது ஒன்றரைப் படி. சிறிய மதிப்பீட்டை வைத்தால் அபாயம் சுமார் 1.5 மடங்கு, பெரிய மதிப்பீட்டை வைத்தால் 2.4 மடங்கு. அடர்த்தி ஒரு படி குறைந்தால் அபாயம் 2.6 மடங்கு அளவில் ஏறும். ஆக அக்காவின் -1.9, அபாயத்தைப் பொறுத்தவரை -2.3-லிருந்து -2.8-க்குள் எங்கோ நிற்பதற்குச் சமம். இது நான் போட்ட தோராயக் கணக்கு, நோய்ப் பெயர் சூட்டும் முறை இல்லை. ஆனால் "எலும்புப்புரை இல்லை" என்ற வாக்கியம் ஏன் அவரைக் காப்பாற்றவில்லை என்பது இதில் தெரிகிறது.

இதற்குமேல் இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்கேன் எலும்பின் நிழலை மட்டுமே பார்க்கிறது, அதன் ஆழம் அதற்குத் தெரியாது. ஒரு சதுர சென்டிமீட்டர் நிழலுக்கு எத்தனை கிராம் தாது என்றுதான் சொல்லும். ஒரே தரமான எலும்பு பெரிதாக இருந்தால் ஆழமும் அதிகம், எண்ணும் கூடுதலாக வரும். ஆகவே உயரமான பெண்ணின் அடர்த்தி, உள்ளபடியிருப்பதைவிடக் கொஞ்சம் நன்றாகவே காட்டப்படுகிறது. அபாயத்தைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் ஃப்ராக்ஸ் கணக்கும் உயரத்தைக் கேட்கும், ஆனால் எடையோடு சேர்த்து உடல் பருமக் குறியீடு போடத்தான் கேட்கிறது. கழுத்து எவ்வளவு நீளம் என்று அது கேட்பதில்லை.

விழும் உயரத்தையும் மறக்காதே. 170 சென்டிமீட்டர் பெண்ணின் இடுப்பு, 150 சென்டிமீட்டர் பெண்ணின் இடுப்பைவிடத் தரையிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் மேலே இருக்கும். எடை ஒன்றே என்றாலும் மோதும் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு கூடும். அக்காவைப் போல ஒல்லியாகவும் இருந்தால் அந்த மேட்டின் மீது மெத்தை மாதிரி இருக்க வேண்டிய கொழுப்பும் இல்லை.

உன் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். இப்போது உன்னை அளந்தால் உயரம் குறைந்திருக்கும், அதை வைத்து நிம்மதியாகிவிடாதே. கூன் விழுந்து குறைவது முதுகெலும்பு, இடுப்பு அச்சு இருபது வயதில் இருந்தபடியேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1995-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் அதனால்தான் 25 வயதில் இருந்த உயரத்தைக் கேட்டார்கள். நம் பள்ளிக் கால வரிசையில் நீ கடைசியில் நின்றவள் என்பதை மருத்துவரிடம் சொல்.

அடுத்தது, உனக்கு ஸ்கேன் எடுக்கும்போது பாதத்தைச் சற்று உள்நோக்கித் திருப்பிக் கட்டுகிறார்களா என்று பார். கழுத்து இயல்பாகவே கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். காலை உள்ளே திருப்பினால்தான் அது படத்துக்கு இணையாகப் படுத்து, முழு நீளத்தையும் காட்டும். 20 டிகிரி விலகினாலே 114 என்பது 107 என்று தெரியும், கவலைப்பட வேண்டிய எண் சாதாரணமாகிவிடும். படத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். தொடை எலும்பின் உள்பக்கம் சிறிய ட்ரொகாண்டர் என்ற இன்னொரு முடிச்சு உண்டு. அது பெரிதாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் காலைச் சரியாகத் திருப்பவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லித்தர யாருமில்லாமல் பல படங்களைக் கெடுத்திருக்கிறேன், இன்றும் அது உறுத்துகிறது.

எண் கூடுதலாக வந்தால் பயப்படாதே. எல்லா உயரமானவர்களுக்கும் அச்சு நீளமில்லை, குட்டையானவர்களுக்கு முறிவதே இல்லை என்றுமில்லை. எந்த மருந்தும் கழுத்தைச் சுருக்காது. மருந்து அடர்த்தியைத்தான் பார்த்துக்கொள்ளும். ஆனால் டி-ஸ்கோர் எல்லைக்கோட்டில் நிற்கும்போது, மருந்து தொடங்கலாமா என்று மருத்துவரிடம் பேச இந்த எண் ஒரு நியாயமான காரணம். கூடவே, எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதே. பக்கவாட்டில் விழுவது மற்றத் திசைகளைவிட ஆறு மடங்கு அளவுக்கு ஆபத்தானது. அதனால் இரவில் எழுந்து திரும்பும் இடங்களிலும், ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும் பழக்கத்திலும் இப்போதே கவனம் வை. உட்கார்ந்து மாற்று.

அக்காவின் மற்ற இடுப்பும் அதே நீளம்தான் என்பதை அவருக்குப் பதமாகச் சொல். அவருக்கு இனி டி-ஸ்கோர் எதுவானாலும் சிகிச்சை வேண்டும், ஏனென்றால் நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததே போதுமான காரணம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் அந்தச் சிகிச்சையைக் குறித்திருக்கிறார்களா என்று பார்த்து எழுது. உன் பழைய ஸ்கேன் படம் கிடைத்தால் அதையும் அனுப்பு, அந்தச் சிறிய முடிச்சை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
விமலா