போஸ்ட்மேன் எங்கே நிறுத்தி வாசித்தார்?

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எழுதி அனுப்பிய கதை வந்தது. நானும் படித்தேன், உன் அத்தையும் படித்தாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்தது, ஆனால் பாதி வரைக்கும்தான். போஸ்ட்மேன் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகையில் வந்த கவிதையை வாசிக்க ஆரம்பித்ததும் கதை படுத்துவிட்டது. அது ஏன் என்று போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். உன் போஸ்ட்மேன் ஒட்டிய கவரைக் கிழித்துப் பத்திரிகையை வெளியே எடுக்கிறார். அந்தக் காலத்தில் சந்தா இதழ் அப்படி வராது. புக் போஸ்டில் கட்டணம் குறைவு, ஆனால் உள்ளே கடிதம் எதுவும் வைக்கவில்லை என்று தபால்காரர்கள் பார்த்துக்கொள்ளும்படி இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டியிருந்தது. இதழைச் சுருட்டியோ மடித்தோ நடுவில் விலாசம் எழுதிய தாளைச் சுற்றி அனுப்புவார்கள். தாளைக் கிழிக்காமல் இதழை உருவி எடுத்துவிட்டுத் திரும்பச் செருகிவிடலாம். சந்தாதாரருக்கு முன்னால் தபால் ஆபீஸே படித்துவிடும் என்று எங்கள் ஊரில் கேலி செய்வார்கள். கேலிதானா என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, உன் ஆள் நாள் முழுக்க தபால் வேலை மட்டும் பார்க்கிறார். சின்ன ஊரின் கிளைத் தபால் ஆபீசில் அப்படி ஒருவர் இருக்க மாட்டார். அவர்களை இ.டி., அதாவது எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல் ஊழியர் என்பார்கள், 2001-க்கு அப்புறம்தான் கிராமிய அஞ்சல் ஊழியர் என்று பெயர் மாறியது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஐந்து மணி நேர வேலை, அதற்கேற்ற சம்பளம், பிழைப்புக்கு வேறு வழி இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து ஊரில் போஸ்ட்மேனுக்குக் கொஞ்சம் மானாவாரிக் கரிசல் நிலம் இருந்தது. புரட்டாசி, ஐப்பசி வந்தால் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நடப்பார். மழையைப் பற்றிய கவிதை அவர் கைக்கு வந்தால் அவரும் அதில் ஒரு கட்சிக்காரர்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். உன் கதையில் ஐந்து பேர் வரிசையாக ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள், பட்டிமன்றம் மாதிரி. ஒருவர்கூட "திரும்பப் படிங்க" என்று சொல்லவில்லை. காதால் கேட்கிறவன் முதலில் கேட்பது அதைத்தான். அதோடு நீ கவிதையைக் காட்டவே இல்லை, 'ஆழமான கவிதை' என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். எதை வைத்துச் சண்டை போடுகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளின் நடுவில் நான் பார்த்த ஒரு சண்டையைச் சொல்கிறேன். ஊரில் சிற்றிதழ் ஒன்று வந்துகொண்டிருந்தது, அது ஓய்வு பெற்ற எங்கள் தமிழய்யாவுக்கு மட்டும். அந்த ஐப்பசியில் அவர் கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டிக்கொண்டு திண்ணையில் இருந்தார். இதழைக் கொடுத்த போஸ்ட்மேனிடம், "நீயே ஒண்ணு வாசியேன்" என்றார். திண்ணையில் விதைப்பை முடித்துவிட்டு மழைக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர், கட்சிக்கொடி கட்டுகிற ஒரு அண்ணன், பருத்திமாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, அப்புறம் நான். கவிதை இதுதான், ஏறக்குறைய இப்படித்தான் என் நினைவில் இருக்கிறது:

கிணறு வற்றிய ஊரில்
வாளியோடு நிற்கிறாள்
நேற்றுப் போலவே இன்றும்
மேகம் வந்து
கேட்டுவிட்டுப் போகிறது
தண்ணீர்

பார், ஒரு புள்ளி கிடையாது, கமா கிடையாது. அச்சில் பார்க்கிற உனக்கு வரி எங்கே முடிகிறது என்று தெரியும். திண்ணையில் இருந்தவர்களுக்கு வரியே கிடையாது. போஸ்ட்மேன் மூச்சு விடுகிற இடம்தான் வரி.

அவர் மூச்சு விடுவதற்கு ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் பாதிப்பேருக்குக் கடிதம் படித்துச் சொல்கிறவர் அவர்தான். இன்லாண்டில் இடம் போய்விடுமே என்று பம்பாயிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் எழுதுகிறவர்கள் புள்ளியே வைக்காமல் எழுதித் தள்ளுவார்கள், 'நான் இங்கு நலம் அங்கு மழை உண்டா மாடு கன்று போட்டதா பணம் இருநூறு அனுப்பியிருக்கிறேன் அம்மாவுக்கு மருந்து' என்று. பணம் அம்மாவுக்கா, மருந்து மட்டும் அம்மாவுக்கா? அவர்தான் பிரிக்க வேண்டும். தப்பாகப் பிரித்தால் மாமியாருக்கும் மருமகளுக்கும் அன்று சாயங்காலமே சண்டை. அதனால் வினைமுற்று வந்தால் நிறுத்து என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். போனான், வந்தாள், இருக்கிறது என்று வந்துவிட்டால் அங்கே வாக்கியம் முடிந்தது.

கவிதையையும் அப்படியே வாசித்தார். 'நிற்கிறாள்' என்று நிறுத்தினார். அப்புறம் 'நேற்றுப் போலவே இன்றும் மேகம் வந்து கேட்டுவிட்டுப் போகிறது' என்று ஒரே மூச்சு, நிறுத்திவிட்டுத் தனியாக 'தண்ணீர்'.

விதைத்தவருக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது. "சரியாத்தான் எழுதியிருக்கான். நேத்தும் இப்படித்தான் கருக்கூட்டிட்டு வந்துச்சு, இன்னைக்கும் வந்துச்சு, ஒரு பொட்டு விழலை." மேகம்தான் ஏமாற்றுகிறது, நேற்றும் இன்றும். அவர் பார்வையில் அந்தப் பெண் சும்மா ஓரத்தில் நிற்கிற ஆள், கவிதை மேகத்தைப் பற்றியது. கொடி கட்டுகிற அண்ணன் விடவில்லை. மேகம் எங்கேயாவது கேட்குமா, கொடுக்கத்தானே செய்யும், இது ஓட்டுக் கேட்டு வருகிறவனைச் சொல்கிறது என்றார். தண்ணி தருகிறேன் என்று சொல்லித்தான் வருகிறான், கேட்டுவிட்டுப் போகிறான். "அப்ப கடைசில தண்ணீர்னு தனியா எதுக்கு இருக்கு?" என்று பெரியவர் கேட்க, அவர் "அது வந்து…" என்று இழுத்துவிட்டு, "தபாலு, திரும்பப் படிங்க" என்றார்.

இரண்டாம் தடவை வாசிக்கும்போது அய்யா வீட்டம்மா மோர் கொண்டுவந்து நீட்டினார். போஸ்ட்மேன் 'நேற்றுப் போலவே இன்றும்' வரைக்கும் வந்தவர் டம்ளரை வாங்க நிறுத்தினார். ஒரு வாய் குடித்துவிட்டு, 'மேகம் வந்து…' என்று தொடர்ந்தார்.

அவ்வளவுதான். பெரியம்மா பருத்திமாரைக் கீழே போட்டுவிட்டு, "அப்ப அவ நேத்தும் நின்னாளா?" என்று கேட்டார்.

இதுதான் நான் உனக்குக் காட்ட நினைத்த இடம். முதல் வாசிப்பில் நேற்றும் வந்தது மேகம். இரண்டாவதில் நேற்றும் நின்றது அவள். ஒரு எழுத்து மாறவில்லை. பெரியம்மாவுக்குக் கதையே வேறாகிவிட்டது. தினமும் வாசலில் வாளியோடு நிற்கிற பெண், யாரோ வருகிறார்கள், 'கேட்டுவிட்டுப் போகிறார்கள்'. எங்கள் ஊரில் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள் என்றால் பெண் கேட்டுவிட்டுப் போனார்கள் என்றுதான் முதலில் தோன்றும். "பொண்ணு பார்க்க வந்தவுக, குடிக்கத் தண்ணி மட்டும் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. அதைத்தான் எழுதியிருக்கு" என்றார். கடைசி வரியில் 'தண்ணீர்' ஏன் தனியாக நிற்கிறது என்பதற்கு அன்றைக்குச் சரியான பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் வீட்டில் பெண்ணுக்கு மூன்று வருஷமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் கொஞ்ச நேரம் யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்புறம் பெரியவர் மெதுவாக, "இருந்தாலும் மேகம்னுதான போட்டிருக்கு" என்று ஆரம்பிக்க, சண்டை பழையபடி சூடுபிடித்தது. முதல் தடவை வேறு மாதிரிப் படித்தாயே என்று பெரியவர் போஸ்ட்மேன் மேல் பாய்ந்தார், "அதே எழுத்துதான் அண்ணாச்சி, வேணும்னா நீங்களே பாருங்க" என்று அவர் இதழை நீட்டினார். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார், விட்டுக்கொடுக்க மனசில்லை.

தமிழய்யா அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில், இரண்டு பேர் சொல்வதும் சரிதான், இதற்கு நன்னூலில் இடம் இருக்கிறது என்றார். செய்யுளில் சொற்களை எதோடு எதைக் கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு எட்டு வகை சொல்லியிருக்கிறது, பொருள்கோள் என்று நீ பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்திருப்பாய். அதில் ஒன்று தாப்பிசை. நடுவில் இருக்கிற சொல் ஊஞ்சல் மாதிரி முன்னாலும் போகும், பின்னாலும் வரும். அதற்கு உரைகாரர்கள் காட்டுகிற குறளை அய்யா சொன்னார்: 'உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண / அண்ணாத்தல் செய்யாது அளறு'. எதை உண்ணாமை என்று முதல் பாதியில் இல்லை. நடுவில் இருக்கிற 'ஊன்' பின்னால் போய் 'ஊன் உண்ணாமை' என்று சேர்கிறது, முன்னால் வந்து 'ஊன் உண்ண' என்றும் சேர்கிறது. அது போலத்தான் 'நேற்றுப் போலவே இன்றும்', அவளுக்கும் சேரும் மேகத்துக்கும் சேரும் என்றார். எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. குறளில் ஊன் இரண்டு பக்கமும் போனால்தான் பொருளே நிறைகிறது. இங்கே ஒரு பக்கம் போனாலே போதும், இரண்டு பக்கமும் போவது கூடுதல் வசதி. அய்யா கொஞ்சம் தாராளமாக நன்னூலை நீட்டிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். பெரியம்மா அதைவிடச் சுருக்கமாக முடித்தார்: "அப்ப ரெண்டு பேருமே நேத்தும் இருந்தாக. நான் சொன்னது சரி."

போஸ்ட்மேனிடம், "நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்கள். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். திரும்பிப் போகிற பஸ்ஸில் பை போக வேண்டும், அதற்குள் பையைக் கட்டிச் சீல் வைக்க வேண்டும். அடுத்தவர் கடிதத்தைப் படித்துச் சொல்கிறவர், அதற்குத் தன் பங்குக்கு ஒரு கருத்தையும் சொன்னால் நாளைக்கு யார் அவரிடம் கடிதத்தைக் கொடுப்பார்கள்? கவிதைக்கும் அதே கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டார்.

உன் கதையில் போஸ்ட்மேன் கடைசியில் கண் கலங்கி, கவிதையின் உண்மையான பொருளைச் சொல்கிறார், எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். அந்தப் பத்தியை எடுத்துவிடு. அந்த வேலையில் இருக்கிறவர் அப்படிச் செய்ய மாட்டார், திண்ணைக்காரர்களும் அவ்வளவு சுலபமாக வாயடைக்க மாட்டார்கள். அடுத்தபடி ஐந்து பேரை மூன்றாகக் குறை, ஆளுக்கு ஒரு சொந்தக் கவலையைக் கொடு, அவரவர் கவலை எந்தச் சொல்லில் போய் ஒட்டுகிறது என்று பார். எல்லாவற்றுக்கும் முன்னால் கவிதையை எழுது, ஆறு வரி போதும். கதையை அப்புறம் அனுப்பலாம், கவிதையை மட்டும் இந்த வாரம் அனுப்பு. நானும் அத்தையும் தனித்தனியாகச் சத்தமாக வாசித்துப் பார்க்கிறோம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிறுத்தினால் உனக்குப் போன் பண்ணுகிறேன், நீ மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மாமா