குடாவைக் கடக்க எத்தனை நிமிடம்?

அன்புள்ள கண்ணம்மா,

குடாவின் அகலம் 1,200 மீட்டர், நிமிடத்துக்கு 50 மீட்டர் நீந்துவேன், 24 நிமிடம் போதும் என்று எழுதியிருந்தாய். நீர் அசையாமல் நின்றால் அது சரி. நிமிடத்துக்கு 30 மீட்டர் குறுக்கோட்டம் இருக்கிறது என்றும் நீயேதான் எழுதியிருக்கிறாய். அப்போது எந்தத் திசையில் உடம்பை வைத்து நீந்துகிறாய் என்பதைப் பொறுத்து நேரம் மாறும்.

எதிர்க்கரைக்குச் செங்குத்தாகவே நீந்தினால் அதே 24 நிமிடம்தான். ஓட்டம் உன்னைப் பக்கவாட்டில் தள்ளுமே தவிர, கரையை நெருங்கும் வேகத்தைக் குறைக்காது. ஆனால் 720 மீட்டர் தள்ளிப்போய்த்தான் கரையேறுவாய்.

நேரெதிரேதான் ஏற வேண்டும் என்றால் ஓட்டம் வரும் பக்கமாகச் சாய்ந்து நீந்த வேண்டும். இது செங்கோண முக்கோணக் கணக்கு. உன் வேகம் 50-இன் வர்க்கம் 2,500, ஓட்டம் 30-இன் வர்க்கம் 900. 2,500-லிருந்து 900-ஐக் கழித்தால் 1,600, அதன் வர்க்கமூலம் 40. கரையை நோக்கி நிமிடத்துக்கு 40 மீட்டர்தான் மிஞ்சும், ஆக 30 நிமிடம். சாய்வு ஏறக்குறைய 37 பாகை. பார்த்தால் வேறெங்கோ போவது போலத் தோன்றும், ஆனால் அதுதான் சரி.

எனக்குக் கவலை மூன்றாவது விதம்தான். இலக்கைப் பார்த்துப் பார்த்து, அதை நோக்கியே நீந்துவது. பலரும் இயல்பாக இதைத்தான் செய்வார்கள். தள்ளப்படத் தள்ளப்பட முகத்தைத் திருப்பிக்கொண்டே போவாய், பாதை வளையும், கடைசிப் பகுதியில் ஏறக்குறைய நேர் எதிரோட்டத்தில் நீந்த வேண்டியிருக்கும். இதற்கு 37 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் களைத்துப்போன நேரத்தில்.

களைப்பு கணக்கை எவ்வளவு புரட்டும் என்று பார். உன் வேகம் 40 ஆகக் குறைந்தால், சரியாகச் சாய்ந்து நீந்தினாலும் முழு தூரத்துக்கும் 45 நிமிடம் ஆகும். 30-க்கு இறங்கிவிட்டால் நேரெதிரே போகவே முடியாது.

தள்ளப்படுகிறாயா என்று அறிய, எதிர்க்கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருள்களைப் பார்த்துவை, ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும் போல. மரம் கோபுரத்துக்கு வலப்பக்கம் நகர்ந்தால் நீ இடப்பக்கம் போகிறாய் என்று அர்த்தம்.

அப்புறம், அந்த 30 மீட்டரை எங்கே அளந்தாய்? கரையோரத்தில் என்றால் நம்பாதே, நடுவில் ஓட்டம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். துணைப்படகை நடுவில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காற்றில்லாத நேரத்தில் ஒரு நிமிடத்தில் எவ்வளவு நகர்கிறது என்று ஜி.பி.எஸ்.ஸில் பார்க்கச் சொல். நீந்தப்போகும் அதே நேரத்து ஓதத்தில் அளக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஓட்டம் வரும் பக்கமாக 720 மீட்டர் கரையிலேயே நடந்துபோய் அங்கிருந்து இறங்கு. செங்குத்தாக நீந்தினாலே நினைத்த இடத்துக்குப் பக்கத்தில் சேர்ந்துவிடுவாய். படகு கூடவே வர வேண்டும். 35 நிமிடத்தில் கரை சேரவில்லை என்றால் ஏறிக்கொள்வதாக முன்பே அவர்களிடம் சொல்லிவை. நடு ஓட்டத்தை அளந்ததும் எண்ணை எனக்கு அனுப்பு, சேர்ந்தே கணக்குப் போடலாம்.

அன்புடன்,
அப்பா